டெண்டர் முன்வைப்புத் தொகையைத் திரும்பக் கேட்பது

“மத்திய அரசு அலுவலகத்தின் இரு உறை டெண்டரில் தொழில்நுட்பச் சுற்றிலேயே விலக்கப்பட்டோம். மூன்று மாதமாகியும் ரூ.40,000 முன்வைப்புத் தொகை வரவில்லை. எப்படி எழுதுவது?”

கெஞ்சும் கடிதம் கோப்பில் தூங்கும். விதியைச் சொல்லி எழுதுங்கள். டெண்டர் ஆவணத்தில் முன்வைப்புத் தொகையைத் திருப்பித் தருவது பற்றிய வரியை, பிரிவு எண்ணோடு அப்படியே எடுத்தெழுதுங்கள். கூடவே 2017 பொது நிதி விதிகளின் 170-ஆவது விதியையும் காட்டுங்கள்: முதல் சுற்றில் தோற்றவருக்கு, அச்சுற்றின் முடிவை அறிவித்த 30 நாளுக்குள் தொகையைத் திருப்பித் தர வேண்டும். ஆகவே, ‘ஒப்பந்தம் இன்னும் முடிவாகவில்லை’ என்ற சாக்கு உங்களிடம் செல்லாது.

முடிவு வெளியான தேதி, பணம் கட்டிய ரசீது, ரத்து செய்த காசோலை ஆகியவற்றை இணையுங்கள். எங்கள் தொகை ஒருமுறை வங்கி விவரம் இல்லாமலே முடங்கிக் கிடந்தது. வட்டி கேட்குமுன் ஆவணத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ‘வட்டி கிடையாது’ என்றிருக்கும்.