அந்த வேலைக்கு வெளியில் என்ன சம்பளம்? கேள்வி பதில்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஹோட்டல், ஆலை, கடை எனப் பல இடங்களில் சம்பளப் பட்டியல் பார்த்த மனிதவள அலுவலர் ஒருவர் பதில் தருகிறார்.

அக்கரைப்பற்று, அரிசி ஆலைக் கணக்குப் பிரிவு: அக்கா, நான் எக்கவுண்ட்ஸ் எக்சிகியூட்டிவ், ஐந்து வருஷ சேவை, சம்பளம் 58,000. கொழும்பு விளம்பரத்தில் இதே பதவிக்கு 110,000 போடுகிறார்கள். பாதிதான் தருகிறீர்கள் என்று முதலாளியிடம் சொல்லலாமா?

இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் தம்பி. பதவிப் பெயர் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்று என்று ஆகாது. அந்த விளம்பரத்தில் பெயருக்குக் கீழே இருக்கும் வேலைகளை வாசியுங்கள். கொழும்பில் பெரிய கொம்பனி என்றால் வாடிக்கையாளரிடம் வரவேண்டிய பணத்தை மட்டும் பார்க்க ஒருவர் இருப்பார். மாத முடிவில் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவார், ஒடிட்டருக்குப் பதில் சொல்வார். சி.ஏ. அல்லது சி.எம்.ஏ. பாதி முடித்தவரைக் கேட்பார்கள். நீங்கள் அறுவடைக் காலத்தில் விவசாயிக்குக் காசு எண்ணிக் கொடுக்கிறீர்கள், மூட்டைக் கணக்கு வைக்கிறீர்கள், வங்கியில் ஓவர்டிராப்ட் எல்லை தாண்டாமல் பார்க்கிறீர்கள், சம்பளமும் போடுகிறீர்கள். உங்கள் வேலை குறைந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு வேலை.

ஒரு வாரம் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று எழுதி வையுங்கள். அதில் பத்தில் ஏழு பங்காவது ஒத்துப்போகும் விளம்பரத்தை மட்டும் ஒப்பீட்டுக்கு எடுங்கள். பாதிதான் பொருந்துகிறது என்றால் விட்டுவிடுங்கள், அந்தத் தொகை எவ்வளவு ஆசை காட்டினாலும் சரி.

அப்புறம், அந்த 58,000 இல் என்னென்ன இருக்கிறது என்று பிரித்து எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கதைப்போம்.

கல்முனை: கூட்டாளி ஒருவர் 2023 இல் வந்த சம்பள சர்வே ஒன்றை அனுப்பினார். அதில் எக்கவுண்ட்ஸ் எக்சிகியூட்டிவுக்கு நடுவில் 85,000. அதோடு பணவீக்கத்தைக் கூட்டினால் இன்றைய சம்பளம் வந்துவிடும்தானே?

பழைய சர்வேயை இன்றைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது சரி. ஆனால் பணவீக்கத்தைக் கூட்டக் கூடாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருஷத்தில் கிட்டத்தட்ட 70 சதவீதம் ஏறியிருந்தது. அந்த வருஷம் யாருக்காவது 70 சதவீதம் சம்பளம் கூடியதா? விலை ஒரு பக்கம் ஓடும், சம்பளம் பின்னால் மெதுவாக வரும். கூட்ட வேண்டியது கொம்பனிகள் உண்மையில் கொடுத்த வருடாந்த உயர்வின் அளவைத்தான். அது உங்கள் வட்டாரத்தில் நாலு பேரிடம் கேட்டாலே பிடிபடும்.

கணக்கு எளிது. சர்வே எந்த மாதச் சம்பளத்தைச் சொல்கிறது என்று முதலில் பாருங்கள். வெளியான திகதியும் தரவு எடுத்த திகதியும் ஒன்றல்ல, ஆறேழு மாதம் இடைவெளி இருக்கும். 70,000 என்று இருந்து, வருஷத்துக்கு 8 சதவீதம் கூடியது என்று எடுத்தால், இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய 81,600. இரண்டு வருஷத்துக்கு மேல் பழையதை இப்படி இழுத்துக்கொண்டு வந்தால் நம்பகம் குறையும். நான் அதைத் திசை பார்க்க மட்டும் வைத்துக்கொள்வேன்.

அதைவிடப் பெரிய விஷயம், சர்வேயில் யார் இருக்கிறார்கள் என்பது. கொம்பனிகள் காசு கட்டிச் சேரும் சர்வேக்களில் கொழும்பு வங்கி, டெலிகொம், ஏற்றுமதிக்காரர் மாதிரிப் பெரிய இடங்கள்தான் அதிகம் இருக்கும். நம்மூர் ஆலையும் ஹார்ட்வெயார் கடையும் அதில் இராது. அதனால் அந்த நடுத் தொகையை இங்கே நடு என்று எடுக்க ஏலாது. கீழ்க் கால்வாசி எல்லையைப் பாருங்கள், அதாவது நூறு பேரில் 25 பேர் அதற்குக் கீழே வாங்குகிற தொகை. நான் அதையே இங்கே மேல் எல்லையாக வைப்பது வழக்கம். இது என் அனுபவக் கணக்கு, சட்டம் இல்லை. எத்தனை கொம்பனி என்று எழுதாத சர்வேயை மூடி வைத்துவிடுங்கள்.

காத்தான்குடி, கடை உரிமையாளர்: சேர், மேடம் யாராக இருந்தாலும் சரி. குறைந்தபட்சச் சம்பளம் 30,000. நான் கணக்குப் பிள்ளைக்கு 32,000 கொடுக்கிறேன். அப்ப மார்க்கெட்டுக்கு மேலேதானே கொடுக்கிறேன்?

நானா, 30,000 சட்டம் போட்ட தரை. 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரியில் 30,000 ஆனது. சாமான் தூக்கும் பொடியனுக்கும் அதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள். கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு வெளியில் என்ன கிடைக்கும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. தரை ஏறினதும் தூக்குகிறவருக்கும் எழுதுகிறவருக்கும் இடையில் 2,000 தான் வித்தியாசம் என்று ஆகிவிட்டது பாருங்கள். எழுதுகிறவர் அதைக் கவனித்திருப்பார்.

ஏறாவூர்: விளம்பரத்தில் சம்பளமே போடுவதில்லை, ‘கவர்ச்சிகரமான சம்பளம்’ என்று ஒரு வரிதான். அதை வைத்து என்ன செய்வது?

டொப்ஜொப்ஸ் மாதிரித் தளங்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். போன் எடுத்து, ‘விண்ணப்பிக்க முன்னம் சம்பள வரம்பை அறியலாமா’ என்று கேளுங்கள். சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. வரம்பு போட்டிருந்தால் கீழ் முனையிலிருந்து நடுவரைக்கும் நம்புங்கள். மேல் முனை ஆள் பிடிக்கப் போட்டது, அநேகமாக யாருக்கும் கிடைப்பதில்லை.

ஒரே விளம்பரம் மூன்று நாலு மாதமாகத் திரும்பத் திரும்ப வந்தால் அந்தச் சம்பளத்துக்கு ஆள் வரவில்லை என்று விளங்கும். சிலவேளை சம்பளம் நல்லது, முதலாளிதான் ஒத்துவராதவர். அதை விளம்பரத்தில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

தொண்டு நிறுவன விளம்பரங்களைத் தனியாக வையுங்கள். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் என்று திட்டம் முடிய வேலையும் முடியும், அதனால் தொகை கொஞ்சம் கூடவே இருக்கும். அதை நிரந்தர வேலையோடு கலந்தால் உங்கள் கணக்கு பிழைத்துவிடும்.

பாசிக்குடா ஹோட்டல், முன்வரவேற்பு: எனக்கு பேசிக் 42,000 தான். திருகோணமலையில் ஒரு ஹோட்டல் 55,000 என்கிறது. நான் போகவா?

சேவிஸ் சார்ஜைச் சொல்லவில்லையே தங்கச்சி. ஹோட்டல் வேலையில் பேசிக்கை மட்டும் பார்ப்பது வீண். பில்லில் சேரும் 10 சதவீதம் பங்கு பிரிந்து வரும்போது சீசனில் பேசிக்கை நெருங்கும், மாரியில் ஒன்றுமில்லாமல் போகும். உங்கள் கடைசி 12 மாத சிட்டைகளையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். அங்கேயும் அதே மாதிரி ஒருவரிடம் 12 மாதக் கணக்கு கேளுங்கள், ஓகஸ்ட் மாதத்தை மட்டும் சொன்னால் எடுக்க வேண்டாம். தங்குமிடம், சாப்பாடு கொடுக்கிறார்களா என்பதையும் தொகையாக்கிக்கொள்ளுங்கள். போவதா இல்லையா என்பது அதுக்குப் பிறகு.

களுவாஞ்சிக்குடி: கூட வேலை செய்தவர்களிடம் சம்பளம் கேட்டால் முகத்தைத் திருப்புகிறார்கள். சொல்லுகிறவர்கள் பொய் சொல்லுகிறார்கள்.

‘உங்களுக்கு எவ்வளவு’ என்று கேட்டால் யாருக்கும் பிடிக்காது. ‘நான் போகலாமா என்று யோசிக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக ஆள் எடுத்தால் 60 க்கும் 70 க்கும் இடையில் கொடுப்பார்களா’ என்று கேளுங்கள். ‘இல்லை, அவ்வளவு வராது’ என்றோ, ‘கூடக் கிடைக்கும்’ என்றோ பதில் வரும். தன் சம்பளத்தைச் சொல்லாமலே அவர் சொல்லிவிடுவார்.

யாரிடம் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். கடந்த ஒரு வருஷத்தில் வேலை மாறியவர்தான் சந்தையை அறிந்தவர். ஒரே இடத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருப்பவரின் சம்பளம் அநேகமாகப் பின்தங்கியிருக்கும், அது சந்தையைக் காட்டாது. கல்யாணத் தரகரிடம் சொன்ன சம்பளத்தை எந்தக் கணக்கிலும் சேர்க்க வேண்டாம்.

கைக்கு வருவதைச் சொல்கிறாரா, மொத்தத்தைச் சொல்கிறாரா என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சேமலாப நிதிக்கு 8 சதவீதம் வெட்டிய பிறகு, கடன் தவணையும் வெட்டிய பிறகு ‘எனக்கு 52 தான் வருது’ என்பார். அவர் மொத்தம் 65 ஆக இருக்கலாம்.

அக்கரைப்பற்று, அதே தம்பி: பிரித்து எழுதினேன். பேசிக் 42,000. வாழ்க்கைச் செலவு அலவன்ஸ் 8,000. ஓவர்டைம் சராசரி 8,000. பக்கத்து இடங்களில் ஐந்து பேரிடம் கேட்டேன். 48,000 (பன்னிரண்டு வருஷமாக ஒரே கடை), 57,000, 62,000, 66,000, 70,000. கடைசி மூவரும் இந்த வருஷம் சேர்ந்தவர்கள். உள்ளூர் விளம்பரம் இரண்டு, ஒன்றில் 60 முதல் 75, மற்றதில் 65 இலிருந்து. கொழும்பு சர்வேயின் கீழ்க் கால்வாசியை நீங்கள் சொன்னபடி இன்றைக்குக் கொண்டுவந்தால் 81,600 தான் வருகிறது.

நல்ல வேலை. முதலில் ஓவர்டைமைக் கழியுங்கள். அது கூட உழைத்ததுக்கான கூலி. சர்வேக்காரரும் சேர்ப்பதில்லை, அந்த ஐந்து பேரும் சேர்க்காமல் சொன்னார்கள் என்று எடுக்கிறேன், ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அப்ப உங்கள் தொகை 58 இல்லை, 50.

புதிதாகச் சேர்ந்த மூவரும் 62 முதல் 70. விளம்பரங்களின் கீழ்ப்பாதியும் அங்கேயே வந்து விழுகிறது. மூன்று மூலத்தில் இரண்டு ஒத்துப்போனால் நான் அதை எடுப்பேன். சர்வேயின் 81,600 கொழும்பு, அதை ஒருபோதும் தாண்டாது என்ற எல்லையாக மட்டும் வையுங்கள். 48,000 ஐயும் அழிக்க வேண்டாம், முதலாளி முதலில் அந்த ஆளைத்தான் காட்டுவார்.

ஆகவே வரம்பு 62 முதல் 70, உங்கள் இடைவெளி 12,000 முதல் 20,000. கொழும்பை வைத்துச் சொன்னால் முதலாளி சிரித்துவிடுவார். இதை அவரால் போன் எடுத்துச் சரிபார்க்க முடியும்.

இன்னொன்று, சிட்டையைப் பாருங்கள். சேமலாப நிதி 42,000 க்கா, 50,000 க்கா கட்டுகிறார்கள்? வாழ்க்கைச் செலவு அலவன்ஸும் அதில் சேர வேண்டும். சேர்க்காவிட்டால் முதலாளி பங்கு 12 சதவீதத்தில் மாதம் 960, நம்பிக்கை நிதி 3 சதவீதத்தில் 240 உங்களுக்கு வராமல் போகிறது.

சம்மாந்துறை, ஆலை உரிமையாளர்: எல்லாம் சரி மேடம். நெல் விலை விழுந்தால் எனக்கு 70 கொடுக்க வருமானம் எங்கே? சந்தை என்றால் ஆலைச் சந்தையும்தானே?

நியாயம்தான் அண்ணா, வெளிச் சம்பளம் இவ்வளவு என்பதால் உங்களால் கொடுக்க முடியும் என்று ஆகாது. ஆனால் உங்களால் கொடுக்க முடியாது என்பதால் அவர் வெளியில் மதிப்பிழக்கவும் மாட்டார். சீசனில் கணக்காள் போய்விட்டால் அறுவடையின் நடுவில் புதியவரைத் தேட வேண்டி வரும். நிரந்தரமாக 62 கொடுத்து, மிச்சத்தை அறுவடை முடிந்து ஊக்கத்தொகையாகக் கொடுக்கும் ஆலைகளை நான் பார்த்திருக்கிறேன். அது எல்லா வருஷமும் நிற்குமா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.