பாதி தெரியிற பேஸ்ட் பெட்டியும் கிராம் கணக்கும்

கேள்வி: அண்ணை, அம்மா வாட்ஸப்பிலை பாத்ரூம் தட்டை போட்டோ எடுத்து அனுப்பி "உதே பேஸ்ட் தான் வேணும், மாறி வாங்கிப்போடாதை" எண்டு சொல்லிப்போட்டா. பெட்டியின்ரை முன்பக்கம் பாதி சவுக்காரப் பெட்டிக்குப் பின்னாலை கிடக்கு. பேரிலை கடைசி ஏ, ஆர், டி மூண்டு எழுத்தும், ஒரு கராம்புப் படமும், கீழை "0 கிராம்" எண்டும் தான் தெரியுது. கடையிலை ஒரே பேரிலை நாலைஞ்சு சைஸ் கிடக்கு, எது லாபம் எண்டும் விளங்கேல்லை. எப்பிடிப் பாக்கிறது? (கொக்குவிலிலை இருந்து ஒரு தங்கச்சி)

பதில்: தங்கச்சி, ஏ ஆர் டி எண்டு முடிஞ்சு கராம்பும் இருந்தா எங்கட ஊர்க் கடையளிலை அது அனேகமா குளோகார்ட் தான், கராம்பு எண்ணெய் எண்டு சொல்லித்தான் அதை விக்கிறவை. ஆனா பேரைக் கண்டுபிடிச்சது அரைவாசி வேலை தான், ஏனெண்டா ஒரே பேரிலை வெள்ளைப் பேஸ்ட், ஜெல், மூலிகை எண்டு நாலு விதம் இருக்கும், பெட்டியும் தூரத்திலை பாத்தா ஒரே மாதிரித்தான் கிடக்கும். நானும் ஒருக்கா பெட்டியின்ரை நிறத்தை மட்டும் பாத்து (வேறை ஒரு பேஸ்ட், பேர் வேண்டாம்) அம்மாவுக்கு ஜெல்லை வாங்கிக்கொண்டு போய், வாயெல்லாம் எரியுது எண்டு அவ ஒரு கிழமை பேசினவ.

அதாலை முதல் வேலையா அம்மாவிட்டை இன்னொரு போட்டோ கேளுங்கோ, முன்பக்கம் வேண்டாம், பெட்டியை மறுபக்கம் திருப்பி கறுப்புக் கோடு போட்ட பார்கோட்டை எடுக்கச் சொல்லுங்கோ. முன்பக்கத்தை எங்களைக் கவர எண்டு கீறி வச்சிருக்கிறாங்கள், பார்கோட் அப்பிடியில்லை, அது ஒரு சாமானுக்கு ஒரு நம்பர். ஒரே பேஸ்ட் தான் எண்டாலும் சின்ன சைஸுக்கு ஒரு நம்பர், பெரிய சைஸுக்கு வேறை நம்பர், ஜெல்லுக்கு இன்னொண்டு. மொத்தம் 13 இலக்கம் இருக்கும். முன்னுக்கு இருக்கிற இலக்கங்கள் கொம்பனிக்குரியது, அந்தக் கொம்பனியின்ரை எல்லாச் சாமானிலையும் அது ஒரே மாதிரித்தான் வரும், அதாலை அந்த முன் இலக்கங்களை வச்சு ஒண்டும் பிரிக்கேலாது. சாமானைப் பிரிச்சுக் காட்டுறது பின்னுக்கு இருக்கிற இலக்கங்கள் தான். போட்டோவிலை கடைசி அஞ்சு இலக்கம் தெரிஞ்சாலே காணும், கடைத் தட்டிலை அதே பேர்ப் பெட்டியளை ஒவ்வொண்டாத் திருப்பி அந்த அஞ்சும் ஒத்துவாறதை எடுங்கோ. 13ம் தெரிஞ்சா இன்னும் சுகம், மெசின் வச்சிருக்கிற சூப்பர் மார்க்கெட் எண்டால் காசு வாங்குற பிள்ளையிட்டைக் குடுத்து அடிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ, அவையிட்டை அந்தச் சாமான் பதிஞ்சு கிடந்தா பேரும் சைஸும் வந்திடும்.

முதல் மூண்டு இலக்கத்திலை வேறை ஒரு பிரயோசனம் இருக்கு. 479 எண்டு தொடங்கினா கொம்பனி இலங்கையிலை பதிஞ்சது, 890 எண்டால் இந்தியாவிலை பதிஞ்சது. இஞ்சை கடையளிலை இந்தியச் சாமானும் கலந்து கிடக்கிறதாலை இதைப் பாக்கவேணும், ஒரே பேர், ஒரே நிறம், ஆனா நிறை வேறை, மருந்துச் சேர்க்கையும் வேறையா இருக்கலாம். அது எங்கை செய்தது எண்டதுக்கு மட்டும் பார்கோட்டை நம்பாதைங்கோ, நம்பர் சொல்லுறது கொம்பனி பதிஞ்ச இடத்தை, செய்த நாட்டை அறிய "தயாரிப்பு" எண்டு எழுதிக் கிடக்கிற வரியைத்தான் வாசிக்கவேணும்.

அம்மா பெட்டியை எறிஞ்சிட்டா, ட்யூப் மட்டும் கிடக்கு எண்டால் ட்யூபின்ரை பின்பக்கத்தைப் பாக்கச் சொல்லுங்கோ. எங்கட நாட்டுச் சாமானிலை அனேகமா மூண்டு மொழியிலும் எழுதியிருக்கும், அதாலை இங்கிலீஸ்ப் பேர் தேஞ்சு போனாலும் தமிழ்ப் பேர் எங்கையாவது ஒரு மூலையிலை கிடக்கும். வால் பக்கம், அதுதான் நசுக்கி ஒட்டின இடத்திலை, குத்தி இருக்கிறது பாட்ச் நம்பரும் திகதியும், அதை வச்சு சைஸ் கண்டுபிடிக்கேலாது. அந்த வால் பக்கத்திலை சின்னக் கறுப்பு, பச்சை, நீலச் சதுரம் ஒண்டு இருக்கும், பச்சை எண்டால் இயற்கை, கறுப்பு எண்டால் கெமிக்கல் எண்டு வாட்ஸப்பிலை சுத்துற கதை சுத்தப் பொய், அது ட்யூபை எந்த இடத்திலை வெட்டி ஒட்டுறது எண்டு மெசினுக்குக் காட்டுற அடையாளம், வேறை ஒண்டும் இல்லை.

இனி அந்த "0 கிராம்". முன்னுக்கு இருக்கிற இலக்கம் மறைஞ்சு போனதாலை அது 40 ஆவும் இருக்கலாம் 160 ஆவும் இருக்கலாம். பக்கத்திலை பல்லுத் தீட்டுற பிரஷ் தெரியுதோ பாருங்கோ, பெரியாக்கள் பாவிக்கிற பிரஷ் 18, 19 சென்ரிமீற்றர் அளவு வரும், பெட்டி அதின்ரை அரைவாசி தான் எண்டால் சின்ன சைஸ், கிட்டத்தட்ட பிரஷ் அளவு நீளம் எண்டால் பெரிசு. ஆனா 120க்கும் 160க்கும் இப்பிடி வித்தியாசம் பிடிக்கப் போனா பிழைச்சுப்போம், ஏனெண்டா நீளம் கொஞ்சம் தான் மாறும், ட்யூபின்ரை பருமன் தான் கூடும், பெட்டிக்குள்ளை காத்தும் இருக்கும். அதுக்கு பார்கோட் தான் வழி.

லாபக் கணக்குக்கு வருவம். விலை மாறிக்கொண்டே இருக்கிறதாலை நான் சும்மா ஒரு கணக்குக்கு எடுக்கிறன், நீங்கள் கடையிலை பெட்டியிலை அடிச்சுக் கிடக்கிற விலையைப் போட்டுப் பாருங்கோ. 70 கிராம் 170 ரூபா, 120 கிராம் 270 ரூபா, 160 கிராம் 380 ரூபா எண்டு வையுங்கோ. ஃபோன் கல்குலேற்றரிலை விலையை கிராமாலை பிரிச்சா முதலாவது 2.43, ரெண்டாவது 2.25, மூண்டாவது 2.38 வரும். பெரிசு தானே லாபம் எண்டு 160ஐத் தூக்கியிருந்தா கிராமுக்கு 13 சதம் கூடக் குடுத்திருப்பியள், சின்னக் காசு தான், ஆனா பெரிசு எப்பவும் மலிவு எண்ட நினைப்பு பிழை எண்டதுக்குத்தான் சொல்லுறன். 

இப்ப ஒரு சிக்கல் வரும், அதே 120 கிராமை பிரஷ் ஒண்டோடை சேத்து பிளாஸ்டிக்கிலை சுத்தி 330 ரூபா எண்டு வச்சிருப்பாங்கள். பிரஷ் உங்களுக்கு உண்மையிலை வேணும், தனிய வாங்கினா 100 ரூபா எண்டால், 330இலை 100ஐக் கழிச்சு 230ஐ 120ஆலை பிரியுங்கோ, 1.92 தான், இதுதான் லாபம். வீட்டிலை ஏற்கனவே நாலு பிரஷ் கிடக்கு எண்டால் 330ஐ முழுசாப் பிரியுங்கோ, 2.75 வரும், எல்லாத்திலையும் விலை கூடினது அதுதான். "40 ரூபா குறைவு" எண்டு ஒட்டின ரெட்டைப் பக்கற்றும் அப்பிடித்தான், குறைவு எண்ட சொல்லை விட்டிட்டு ரெண்டு ட்யூபின்ரை கிராமைக் கூட்டி, குடுக்கிற காசைப் பிரியுங்கோ. சுத்தின பிளாஸ்டிக் பழைய விலையையும் நிறையையும் மறைச்சுக் கிடந்தா கையாலை இழுத்துப் பாருங்கோ, கூச்சப்பட ஒண்டும் இல்லை. அடிச்சுக் கிடக்கிற விலைக்கு மேலை கேட்டா குடுக்கத் தேவையில்லை, அது சட்டப்படி பிழை, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 எண்டு அடிச்சுச் சொல்லலாம்.

லண்டன் மாமி, கனடாச் சித்தி கொண்டுவாற பேஸ்ட்டை இதோடை ஒப்பிடேக்கை ஒரு இடத்திலை கனபேர் தவறுறவை. அதிலை கிராம் இருக்காது, 75 மில்லி, 100 மில்லி எண்டு தான் இருக்கும். பேஸ்ட் தண்ணியை விடப் பாரம், ஒரு மில்லி ஏறக்குறைய 1.3 கிராம் வரும், அதாலை 75 மில்லி ட்யூப் கிட்டத்தட்ட 97 கிராம், 100 மில்லி எண்டால் 130 கிராம். மில்லியையும் கிராமையும் ஒண்டு எண்டு நினைச்சுப் பிரிச்சா வெளிநாட்டுப் பேஸ்ட் இருக்கிறதை விட விலை கூடினது மாதிரிக் காட்டும். பேஸ்டுக்குப் பேஸ்ட் இந்த 1.3 கொஞ்சம் கூடிக் குறையும், அதாலை சில சத வித்தியாசத்துக்கு அதை வச்சுச் சண்டை பிடிக்கேலாது.

ஷாம்பூவிலை இந்தத் தொல்லை இல்லை, அது தண்ணி அளவு பாரம் தான், எல்லாப் போத்தலிலும் மில்லி தான், மில்லியாலை பிரியுங்கோ. ஆனா பக்கற் ஷாம்பூவை ஒருக்காக் கவனியுங்கோ. சரமாத் தொங்கிறதைக் கிழிக்கேக்கை பேரின்ரை தலையோ வாலோ மற்றப் பக்கற்றோடை போயிடும், நிறை எழுதின வரியும் ஓரத்திலை பொடி எழுத்திலை கிடக்கும், அதாலை கிழிக்க முதல் சரத்திலை வச்சே வாசியுங்கோ. 6 மில்லி 15 ரூபா எண்டால் மில்லி 2.50, 180 மில்லி போத்தல் 540 எண்டால் மில்லி 3 ரூபா, அப்ப பக்கற் தான் மலிவு மாதிரிக் கிடக்கு. ஆனா பக்கற்றைத் திறந்தா 6 மில்லியும் தலையிலை தான் போகும், மிச்சம் பிடிக்கேலாது. கட்டை மயிருக்கு போத்தலிலை 4 மில்லி காணும் எண்டால் ஒரு முழுக்குக்கு 12 ரூபா தான் வருது, பக்கற் 15. நீட்டு மயிருக்கு 6 மில்லியும் வேணும் எண்டால் கணக்குத் திரும்பி பக்கற் வெல்லும்.

சவுக்காரத்துக்கு கிராம் கணக்கு சரி தான், ஆனா குளிக்கிற சவுக்காரத்தோடை குளிக்கிற சவுக்காரத்தைத்தான் ஒப்பிடவேணும், உடுப்புத் தோய்க்கிற கட்டியோடை இல்லை. டிஎஃப்எம் எண்டு ஒரு வீதம் போட்டிருந்தா அதையும் பாருங்கோ, கொழுப்பு எவ்வளவு எண்டு சொல்லுறது அது, அந்த வீதம் குறைஞ்ச சவுக்காரம் தண்ணியிலை கெதியாக் கரையும். அம்மாவின்ரை போட்டோவிலை முன்னுக்கு நிக்கிற சவுக்காரப் பெட்டிக்குள்ளை என்ன கிடக்கு எண்டும் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ, அது முடிஞ்சு போச்சு எண்டு நாளைக்கு இன்னொரு போட்டோ வரும்.