லேமினேட் சான்றிதழில் வெள்ளைத் திட்டு: 300 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: நான் கோத்தகிரியில் இருக்கிறேன். லேமினேட் செய்த என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் கொடைக்கானலில் அண்ணன் வீட்டில் உள்ளது. ராத்திரி ஃபிளாஷ் போட்டு இரண்டு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒன்றில் பதிவெண்ணின் நடுவில் வெள்ளைத் திட்டு. இன்னொன்றில் திட்டு மதிப்பெண்கள் மேல் விழுந்திருக்கிறது, பதிவெண் மங்கலாகத் தெரிகிறது. 300 ரூபாய் கொடுத்தால் எழுத்தை மீட்டுத் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். போனில் மாட்டும் போலரைசர் லென்ஸ் வாங்கினால் சரியாகும் என்கிறார் நண்பர். எதற்குச் செலவு செய்யலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டுக்கும் வேண்டாம். முதலில் அண்ணனிடம் அதே படங்களை வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் சுருக்கிவிடும். திட்டின் ஓரத்தில் லேசாக இருக்கும் சாம்பல் நிற எழுத்து அதில்தான் முதலில் காணாமல் போகும்.

அசல் படம் வந்ததும் போனின் எடிட் பகுதியில் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிப் பாருங்கள். திட்டைச் சுற்றியுள்ள புகைபோன்ற பகுதியில் எழுத்துகள் மேலெழுந்து வரும். அதைக் காசு கொடுக்காமல் நீங்களே படித்துவிடலாம். ஆனால் திட்டின் நடுப்பகுதி எழுத்தே இல்லாமல் ஒரே சாம்பலாக மாறினால், அங்கே கேமரா எதையும் பதியவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் எந்த மென்பொருளும் எழுத்தை மீட்காது, பக்கத்தில் இருப்பதைப் பார்த்து ஒன்றை வரைந்து வைக்கும். பெயரில் ஓர் எழுத்து தவறினால் கண்டுபிடித்துவிடலாம். பதிவெண்ணில் 3-க்குப் பதில் 8 வந்தால் யாருக்குத் தெரியும்? 300 ரூபாய் போவதைவிட அதுதான் பெரிய நஷ்டம்.

உங்கள் விஷயத்தில் ஒரு நல்லது நடந்திருக்கிறது. போனை நகர்த்தினால் திட்டும் நகரும், எழுத்து நகராது. அதனால் ஒரு படத்தில் மறைந்தது இன்னொன்றில் இருக்கிறது. பதிவெண்ணின் முதலையும் கடைசியையும் முதல் படத்திலிருந்து எழுதிக்கொள்ளுங்கள், நடு எண்களை இரண்டாவதிலிருந்து எடுங்கள். மங்கலான எண் 3-ஆ 8-ஆ என்று குழப்பமாக இருந்தால், அதே அச்சில் பிறந்த தேதியில் தெளிவாக உள்ள 3 அல்லது 8-ஐப் பக்கத்தில் வைத்து இடது ஓரத்தை ஒப்பிடுங்கள். 8-க்கு அந்த ஓரம் மூடியிருக்கும். மதிப்பெண்கள் எழுத்தாலும் அச்சிடப்பட்டிருந்தால் அவற்றைச் சரிபார்ப்பது இன்னும் சுலபம். இதெல்லாம் நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ளத்தான். விண்ணப்பத்தில் இணைக்கப் புதிய படம்தான் வேண்டும்.

போலரைசர் லென்ஸைப் பற்றி: பிளாஸ்டிக்கைச் சாய்வாக, அதாவது நேர்ப்பார்வையிலிருந்து 55 டிகிரி அளவுக்கு விலகிப் பார்க்கும்போதுதான் அது பளபளப்பை நன்றாக வெட்டும். சான்றிதழை நேர் மேலிருந்துதான் எடுப்போம், அங்கே அதனால் பெரிய பயன் இல்லை. ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருப்பதால் அதன் ஒளி நேராகப் போய், கண்ணாடியில் பட்டதுபோல் நேராகத் திரும்புகிறது. ஃபிளாஷை அணைத்தாலே அந்தத் திட்டு போய்விடும், அதற்குச் செலவு ஏது?

அண்ணனிடம் இப்படிச் சொல்லுங்கள். பகலில், வீட்டுக்குள் ஜன்னலோரம் மேசையில் சான்றிதழை வைத்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி எடுக்கட்டும். டியூப் லைட் எரியக் கூடாது. கொடைக்கானலில் மூடுபனி நாளில் வெளிச்சம் சீராக இருக்கும் என்று வாசலுக்குக் கொண்டுபோக வேண்டாம். அங்கே மேலே முழுக்க வெள்ளை வானம், அது சான்றிதழ் முழுவதும் மெல்லிய திரையாகப் படியும். போனுக்குப் பின்னால் இருப்பதும் லேமினேஷனில் தெரியும். அதனால் கறுப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சற்றுத் தள்ளி நின்று 2x ஜூமில் எடுப்பது நல்லது. அப்படியும் மினுங்கினால் லேமினேஷன் வளைந்திருக்கிறது. ஒரு ராத்திரி கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்துவிட்டு மறுநாள் எடுக்கலாம்.

இதற்கெல்லாம் அவருக்குப் பொறுமை இல்லையா? ஜெராக்ஸ் கடையில் கண்ணாடிப் பலகை உள்ள ஸ்கேனரில் 300 dpi-யில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அதில் விளக்கு சாய்வாக ஒளி விடும், உணரி நேராகப் பார்க்கும், எனவே பளபளப்பு பெரும்பாலும் படத்துக்குள் வராது. எங்காவது வெள்ளைக் கோடு வந்தால் சான்றிதழைக் கால் சுற்று திருப்பி வைத்தால் போதும். கடைக்காரர் லேமினேஷனைப் பிரித்துவிடலாம் என்று சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டாம். பசையோடு அச்சும் உரிந்து வந்துவிடும்.