ஸ்கேன் சென்டருக்கு ஒரு பெயர்

அன்புள்ள ஐயா,

என் மனைவி பேத்தாலஜிஸ்ட். காரைக்குடியில் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் மூன்றும் சேர்ந்த ஒரு சிறிய மையம் தொடங்குகிறோம். பெயர்தான் இழுக்கிறது. துல்லியமான இடம் என்று தோன்ற வேண்டும், பயத்தோடு வருகிறவர்களுக்குத் தைரியமும் வர வேண்டும். 'அக்யூரேட்', 'ஹோப்', 'ஆயுஷ்' என்று மூன்று வைத்திருக்கிறோம். என் சித்தப்பா ஒன்பது எழுத்தில் வந்தால் நல்லது என்கிறார். நீங்கள் விளம்பரத் துறையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

செ., காரைக்குடி

அன்புள்ள செ.,

சித்தப்பாவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் 'ஹோப்'. இதை வேண்டவே வேண்டாம் என்பேன். மாஸ்டர் செக்கப்புக்கு வருகிறவருக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் மார்பில் கட்டி என்று சீட்டோடு வருகிற பெண் வாசலில் 'நம்பிக்கை' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், நம்பிக்கை தேவைப்படுகிற இடத்துக்கு வந்துவிட்டோமா என்றுதான் நினைப்பார். என் அப்பாவுக்கு ஒருமுறை சாதாரண வயிற்று ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். போன இடத்தின் பெயரில் புற்றுநோயைக் குறிக்கும் 'ஆன்கோ' என்று ஒரு துண்டு ஒட்டியிருந்தது. பித்தப்பைக் கல்லுக்காகப் போன மனுஷன் அந்த போர்டைப் பார்த்துவிட்டு ஆட்டோவிலிருந்து இறங்க மறுத்தார். பயத்தைப் போக்கப் போடுகிற சொல்லும் பயத்தைத்தான் நினைவூட்டும் என்பதை அன்று பார்த்தேன்.

இந்த விஷயத்தில் பெரிய பாடம் எம்.ஆர்.ஐ.யின் பெயரிலேயே இருக்கிறது. பால் லாட்டர்பர் 1973-இல் நேச்சர் இதழில் அந்த முறையில் எடுத்த படங்களை வெளியிட்டபோது கிரேக்கத்திலிருந்து 'ஸூக்மட்டோகிராஃபி' என்று ஒரு பெயர் வைத்தார், யார் வாயிலும் அது நுழையவில்லை. ஆய்வுக்கூடங்களில் புழங்கியது என்.எம்.ஆர்., அதாவது நியூக்ளியர் மேக்னெடிக் ரெசொனன்ஸ். அதிலிருக்கும் நியூக்ளியஸ் நம் உடம்புத் தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் அணுவின் கருதான், கதிரியக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் 'நியூக்ளியர்' என்று கேட்டால் நோயாளிக்கு அணுகுண்டுதான் ஞாபகம் வரும். ஆகவே மருத்துவமனைக்குள் வந்தபோது அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு மேக்னெடிக் ரெசொனன்ஸ் இமேஜிங் ஆக்கினார்கள். கவனியுங்கள், 'சேஃப்' என்றோ 'ஜென்டில்' என்றோ எதையும் சேர்க்கவில்லை. பயமுறுத்துகிற ஒன்றை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

'ஆயுஷ்' வேறு மாதிரிச் சிக்கல். ஒன்றிய அரசில் ஆயுர்வேதம், சித்தா, ஹோமியோபதிக்கெல்லாம் அந்தப் பெயரிலேயே ஓர் அமைச்சகம் இருக்கிறது. போர்டைப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் நாடி பிடித்துப் பார்ப்பீர்களா என்று கேட்டு வருவார்கள், மீதிப் பேர் இலவசமா என்பார்கள்.

'அக்யூரேட்' உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிகிறது. துல்லியம் வேண்டும், அதனால் துல்லியம் என்றே பெயர். முதல் சிக்கல் சட்டம். வணிகக் குறிகள் சட்டம் 1999-இன் 9-ஆம் பிரிவு, சேவையின் தரத்தை வெறுமனே விவரிக்கிற சொல்லைப் பதிவு செய்யத் தடையாக நிற்கும். பல வருடம் புழங்கி அந்தச் சொல் உங்களையே குறிக்கும் என்று நிரூபித்தால் வேறு கதை. அதுவரை பக்கத்துத் தெருவில் இன்னொருவர் அதே பெயரை வைத்தால் தடுப்பது கஷ்டம். ஒரே பெயரில் இரண்டு லேப் இருந்து, ரிப்போர்ட் வாங்க மாறிப் போய் நிற்கிற கூத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டாவது, என் கண்ணில் அதைவிடப் பெரியது: துல்லியம் என்று சொல்லிக்கொள்வதால் துல்லியம் தொனிப்பதில்லை, குறுகலாகச் சொன்னால் தொனிக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன வேலுமணி மும்பையில் தொடங்கிய 'தைரோகேர்' லேப்பின் பெயரைப் பாருங்கள். தைராய்டு பார்ப்போம் என்கிறது, வேறு பெருமை எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் செய்கிறவனுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். அப்புறம் அவர்கள் எல்லாப் பரிசோதனைக்கும் விரிந்தார்கள், பெயர் அப்படியே நின்றது. ஆனால் உங்களுக்கு இந்த வழி ஒத்துவராது, முதல் நாளே மூன்று வேலை செய்கிறீர்கள்.

அப்படியென்றால் என்ன வைப்பது? உங்கள் மனைவியின் பெயரை வையுங்கள். டாக்டர் இன்னார் லேப். பழைய வழிதான், டெல்லியில் 1949-இல் டாக்டர் லால் தொடங்கிய லேப் இன்றும் அவர் பெயரில்தான் ஓடுகிறது. காரணம் சென்டிமென்ட் இல்லை. லேப் ரிப்போர்ட்டில் பேத்தாலஜி படித்த பதிவு பெற்ற மருத்துவர் கையெழுத்திட வேண்டும் என்று 2017 கடைசியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ரிப்போர்ட்டை வாங்கியவர் முதலில் பார்ப்பது தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணை, அடுத்து மேலே இருக்கும் பெயரை, கடைசியில் கீழே கையெழுத்தை. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே ஆள் என்றால், கேள்வி கேட்க ஒரு மனுஷி இருக்கிறார் என்று தெரிகிறது. இதிலும் குறை உண்டு. ஸ்கேன் ரிப்போர்ட்டில் வேறொரு டாக்டர் கையெழுத்துப் போடுவார், நாளைக்கு மையத்தை விற்க நேர்ந்தால் பெயரும் கூடவே போகும். மீனாட்சி மாதிரி ஊரெல்லாம் இருக்கிற பெயர் என்றால் தெருப் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவர் கூச்சப்பட்டால் என்னிடம் இன்னொன்று இருக்கிறது: 'அளவை'. அளவு, அளக்கும் கருவி, ஒன்றை அறிந்துகொள்ளும் வழி எல்லாம் அந்த ஒரு சொல்லில் உண்டு. மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளைச் சொல்கிற இடம் ஞாபகம் வரலாம். நல்ல ரிசல்ட் வரும் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை, அளந்து சொல்வோம் என்கிறது. ரிப்போர்ட் ரெடி என்று போகும் எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்புநர் பெயருக்கு ஆறு எழுத்துதான் இடம், 'அக்யூரேட்' அங்கே ACURAT மாதிரி ஏதாவது நொண்டியாகும், ALAVAI முழுசாக உட்கார்ந்துவிடும். ஆனால் போனில் சோதித்துப் பார்த்தேன். என் அத்தையைக் கூப்பிட்டு, "அளவை லேப்புலேர்ந்து பேசறோம்" என்றேன். "யாரு, டெய்லரா? பிளவுஸ் அளவெல்லாம் குடுத்தாச்சே" என்றார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். எந்தப் பெயராக இருந்தாலும் அறுபது தாண்டிய ஐந்து பேரைப் போனில் கூப்பிட்டு ஒரே ஒரு தடவை சொல்லி, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். அப்புறம் உங்களுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம், அவருடைய வழக்கமான கையெழுத்தில், மருந்துச் சீட்டில் எழுதி வாங்கி ஓர் ஆட்டோக்காரரிடம் காட்டுங்கள். போர்டில் தமிழ்தான் மேலே, பெரிதாக வர வேண்டும் என்பதால் தமிழ் எழுத்திலும் சோதியுங்கள். 'ஹோப்' எங்கள் தெருவில் 'ஓப்பு' ஆகிவிடும்.

இதையெல்லாம் பெயிண்டரைக் கூப்பிடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வணிகக் குறி தளத்தில் மருத்துவச் சேவைகளுக்கான 44-ஆம் வகுப்பில் ஒலி ஒற்றுமையையும் சேர்த்துத் தேடிவிடுங்கள். அல்ட்ராசவுண்டுக்குக் கருப் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப் பதிவு, எக்ஸ்ரேக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அது போக மருத்துவ நிறுவனப் பதிவு. மூன்றிலும் ஒரே பெயர் ஒரே ஸ்பெல்லிங்கில் போக வேண்டும். சித்தப்பா ஒன்பதுக்காக ஒரு 'h' சேர்க்கச் சொன்னால் விண்ணப்பம் போவதற்கு முன்னாலேயே சேர்த்துக்கொள்ளட்டும், அப்புறம் என்றால் மூன்று அலுவலகத்துக்கும் அவரையே அனுப்புங்கள்.