பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று இருந்தால் பணம் கிடைக்காதா?

“4,200 ரூபாய்க்கு மிக்ஸி வாங்கினேன். மூன்றாம் நாளே மோட்டார் நின்றுவிட்டது. கடைக்காரர் பில்லில் உள்ள வரியைக் காட்டி, சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொல்கிறார். பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?”

கேட்கலாம். (இது பொதுத் தகவல்தான், சட்ட ஆலோசனை அல்ல. உங்கள் ஆவணங்களைப் பார்த்த வழக்கறிஞர் சொல்வதே உங்களுக்குப் பொருந்தும்.)

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-இல் நியாயமற்ற வணிக முறைகளின் பட்டியல் இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அதில் ஒன்று. பில்லில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அதற்குள் தர வேண்டும். நாள் கணக்கே இல்லையென்றால் 30 நாள். ‘திரும்பப் பெறப்படாது’ என்பது நாள் கணக்கு அல்ல. ஜூன் 3-ஆம் தேதி வாங்கியிருந்தால் ஜூலை 3 வரை கணக்கு ஓடும்.

ஆனால் ‘குறையுள்ள’ என்ற சொல்தான் இங்கே முக்கியம். நிறம் பிடிக்கவில்லை, வேறு கடையில் விலை குறைவு என்பதற்கெல்லாம் இந்தப் பிரிவு உதவாது. அங்கே கடையின் விருப்பம்தான்.

பலரும் கோட்டை விடுவது ஆதாரத்தில். வாய்ப்பேச்சாகக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தால், கேட்டதற்குச் சாட்சி இருக்காது. பில் எண், தேதி, பழுது என்ன, பணம் வேண்டும் என்ற கோரிக்கை ஆகிய நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் கடை முத்திரையும் தேதியும் வாங்குங்கள். போட மறுத்தால் (பெரும்பாலும் மறுப்பார்கள்) விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கடைகளில் தரும் வழவழப்பான பில்லில் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும்; இன்றே போட்டோ எடுங்கள்.

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், பழுதைக் குறித்துத் தரும் ஜாப் ஷீட் இல்லாமல் மிக்ஸியை ஒப்படைக்காதீர்கள். ‘மோட்டார் ஓடவில்லை’ என்று அதில் எழுதியிருந்தால் அதுவே நல்ல ஆதாரம். ‘பொதுச் சோதனை’ என்று மட்டும் எழுதினால் திருத்தச் சொல்லுங்கள். தெருவோரக் கடையில் திறந்து பார்த்துவிட்டீர்கள் என்றால், குறை முதலிலேயே இருந்ததா என்ற கேள்வி எழும், வழக்கு பலவீனமாகும்.

கடை அசையவில்லையென்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். சில கடைகள் அதோடு வழிக்கு வந்துவிடும், ஆனால் உதவி எண்ணில் இருப்பவர்களால் உத்தரவு போட முடியாது. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆணையம் பணத்தைத்தான் தரச் சொல்லும் என்று நினைக்க வேண்டாம். பழுதை நீக்கித் தரவோ வேறு மிக்ஸி தரவோ உத்தரவிடவும் அதற்கு அதிகாரம் உண்டு. அதனால் மனுவில் மூன்றையும், எது முதலில் வேண்டும் என்ற வரிசையில் கேளுங்கள்.