தெருமுனையில் இறங்காதீர்கள்

வணக்கம். எனக்கு 26 வயது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிறிய ஊர். கல்லூரியில் உடன் படித்த நண்பனும் நானும் குரூப் 2 தேர்வுக்குச் சேர்ந்து படிக்கிறோம். அவன் வீடு இரண்டு தெரு தள்ளி. கோச்சிங் முடிய இரவு எட்டாகிவிடும், அவன்தான் வண்டியில் கொண்டுவந்து விடுவான். யாரும் தப்பாகப் பேசக்கூடாதென்று பிள்ளையார் கோயில் முனையிலேயே இறங்கி நடந்து வருவேன். போன வாரம் மளிகைக்கடை அக்கா அம்மாவிடம், "யாரு அந்தப் பையன்?" என்று கேட்டிருக்கிறார். பழக்கத்தையே விடச் சொல்கிறார் அம்மா. எங்களுக்குள் நட்பைத் தவிர ஒன்றுமில்லை. என்ன செய்வது?
— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த முனையில் இறங்குவதை நிறுத்துங்கள். வண்டியில் வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வீடு வரை வராமல் இறங்கி, அவன் திரும்பிப் போன பிறகு தனியாக நடந்து வருகிறீர்களே, அதைத்தான் கவனிப்பார்கள். மறைக்க ஏதோ இருக்கிறது என்று நீங்களே தினமும் தெருவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆனால் நாளைக்கே வாசலில் வந்து இறங்கிவிடாதீர்கள். அதற்குமுன் அம்மாவிடம் பேசவேண்டும். கடையில் அந்தக் கேள்வி வந்தபோது அம்மாவிடம் பதில் இல்லை. அவருடைய கோபத்தில் பாதி அந்த அவமானம். யார் மகன், எந்த வீடு, வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். அடுத்த முறை கேட்டால் அம்மா சொல்ல ஒரு வாக்கியம் போதும்: "இன்னார் மகன், இவளோட காலேஜ்ல படிச்சவன், ரெண்டு பேரும் குரூப் 2 எழுதுறாங்க." அதோடு பேச்சை வெண்டைக்காய் விலைக்குத் திருப்பிவிட வேண்டும். "சத்தியமா வேற ஒண்ணும் இல்லை" என்று ஒரு சொல் கூட்டினாலும், கேட்பவருக்குப் புது சந்தேகம் கிளம்பும்.

அதன்பின் வீட்டு வாசலிலேயே இறங்குங்கள். அவன் உள்ளே வந்து அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசி, தண்ணீர் குடித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பட்டும். கேட்டருகே இருட்டில் நின்று இருபது நிமிடம் பேசுவதுதான் கூடாது. எதிர்வீட்டுக்கு உங்கள் சிரிப்பும் கையசைப்பும் தெரியும், பேச்சு கேட்காது. கேட்காத பேச்சை அவர்களே எழுதிக்கொள்வார்கள். மொட்டைமாடியில் தாழ்ந்த குரலில் போன் பேசுவதும் அப்படித்தான். கூடத்தில் உட்கார்ந்து சாதாரணக் குரலில் பேசுங்கள்.

படிப்பதற்கு இடம் முக்கியம். முதல்நிலைத் தேர்வு 200 கேள்வி, மூன்று மணி நேரம். மாதிரித் தேர்வு எழுதினாலும் அவ்வளவு நேரம் ஆகும். மூன்று மணி நேரம் மூடிய அறைக்குள் இருந்தால் வீட்டாருக்கே மனசு கேட்காது. ஊரில் கிளை நூலகம் இருந்தால் அங்கே எழுதுங்கள். வீடென்றால் கூடத்தில், வாசற்கதவு திறந்திருக்க, அம்மா நடமாடும் நேரத்தில் உட்காருங்கள். கோச்சிங்கில் படிக்கும் இன்னொரு தோழியையும் சேர்த்துக்கொண்டால் விடைத்தாளை மாற்றித் திருத்தவும் வசதி.

அடுத்தது, நீங்கள் அவன் வீட்டுக்கு ஒருமுறை போய் அவனுடைய அம்மாவைப் பாருங்கள். பொங்கலுக்கோ கொலுவுக்கோ இரண்டு அம்மாக்களும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்துவிட்டால், அதைவிடப் பெரிய காவல் கிடையாது. அதன்பிறகு பேச்சைக் கிளப்புபவர் இரண்டு குடும்பத்தையும் சேர்த்துப் பேசவேண்டியிருக்கும். அதற்குப் பலரும் துணிவதில்லை.

"அண்ணா" என்று கூப்பிட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். உடன் படித்தவனைத் தெருவுக்குள் மட்டும் அண்ணா என்பதும், வெளியே பெயர் சொல்வதும் ஒருநாள் யார் காதிலாவது விழும். எங்கும் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள். அம்மா சொல்வதுபோலத் திடீரென்று பழக்கத்தை முறித்தாலும் பேச்சு அடங்காது. "வீட்ல தெரிஞ்சு நிறுத்திட்டாங்க" என்று அது உறுதியாகிவிடும். நாளை மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தால் அதே கடையில்தான் கேட்பார்கள். அங்கே போய்ச் சேரவேண்டியது அம்மாவின் அந்த ஒரு வாக்கியம். பெண் பார்க்க வருகிறவரிடம் முதல் பேச்சிலேயே நீங்களே இந்த நண்பனைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

இத்தனையும் வெறும் வம்புப் பேச்சுக்குத்தான் பொருந்தும். நீங்கள் இருவரும் வேறு வேறு சாதி என்றால், உறவுக்காரர்களோ ஊர்ப் பெரியவர்களோ அவனைத் தனியாக நிறுத்தி எச்சரிக்கத் தொடங்கியிருந்தால், அது மளிகைக்கடைப் பேச்சில்லை. அப்போது வாசலில் வந்து இறங்குவது அவனுக்கு ஆபத்து. அவன் வண்டியில் வருவதை நிறுத்திவிட்டு, படிப்பை ஊருக்கு வெளியே, பலர் கூடும் இடத்துக்கு மாற்றுங்கள். மிரட்டல் வந்த தேதியையும் ஆளையும் குறித்துவையுங்கள். 181 மகளிர் உதவி எண்ணில் பேசுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். கடை அக்கா "யாரு அந்தப் பையன்?" என்பதை விட்டு, "பரீட்சை எப்போம்மா?" என்று கேட்கும் நாள் வரும். அன்றைக்கு நின்று தேதியைச் சொல்லிவிட்டு வாருங்கள்.