குதிகால் கொப்புளத்தை உடைக்கலாமா?

"புது ஷூவில் தனுஷ்கோடி வரை நடந்ததில் குதிகாலில் பெரிய நீர்க்கொப்புளம். நாளை ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடணும். உடைச்சிடலாமா?"

வேண்டாங்க. அந்த மேல்தோல்தான் கிருமியைத் தடுக்கிறது. நீர் சில நாளில் தானே வற்றும். மெத்தென்ற பேடின் நடுவே கொப்புளத்தைவிடச் சற்றுப் பெரிய ஓட்டை வெட்டி, அதைச் சுற்றி ஒட்டுங்கள். அழுத்தம் பக்கத்துத் தோலுக்குப் போய்விடும். மேலே காஸ் துணி வைத்து பிளாஸ்திரி போடுங்கள்.

விண்ணென்று தெறித்து, காலை ஊன்றவே முடியாவிட்டால் மட்டும், சோப்பால் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி வடியுங்கள். தோலை உரிக்காதீர்கள். வாசலின் தடவி, ஒட்டாத கட்டால் மூடுங்கள். அப்படிக் குத்தினால் தீர்த்தமும் கடலும் சில நாள் தள்ளிப்போகட்டும். ஈரத்தில் கட்டு நெகிழ்ந்து மணல் உள்ளே புகுந்துவிடும்.

சர்க்கரை நோய் இருந்தால் ஊசியைத் தொடாதீர்கள், நேரே டாக்டரிடம் போங்கள். சீழ் வைத்தாலோ, சுற்றிலும் சிவந்து சூடு பரவினாலோ அப்போதும் டாக்டரிடம்தான்.